பீக் சன் ஹவர்ஸ்: ‘உச்ச வெயில் நேரம்’ சரிதானா?

காரைக்குடி (சோலார் பொருத்துபவர்)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு மாடியில் சோலார் போடுகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். பேனல், இன்வர்ட்டர், யூனிட் எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டேன், யாருக்கும் புரியும். பீக் சன் ஹவர்ஸ் என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. இதுவரை ‘உச்ச வெயில் நேரம்’ என்று சொல்லிவந்தேன். கேட்பவர்கள் உடனே “அது எத்தனை மணிக்கு வரும்?” என்கிறார்கள். நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா?

புதுவயல் (அரிசி ஆலை)

இதில் என்ன குழப்பம் தம்பி? பீக் ஹவர் என்றால் கரண்ட் கட்டணம் கூடுதலாகப் போடும் நேரம். எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிறோமே. ‘உச்ச நேரம்’ என்றே போடுங்கள். அந்த நேரத்தில் சோலார் கை கொடுக்குமா என்பதையும் சேர்த்து எழுதினால் எங்களுக்கு உதவும்.

காரைக்குடி

அண்ணே, அது வேறு. நீங்கள் சொல்வது மின்வாரியக் கட்டணத்தின் பீக் ஹவர். இருட்டிய பிறகு வரும் பீக் ஹவருக்கு பேனல் ஒன்றும் செய்யாது. நான் கேட்பது வெயிலின் அளவு. ஆனாலும் உங்கள் பதில் எனக்கு உதவியது. ‘உச்ச’ என்று வைத்தால் உங்களைப் போலத்தான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள்.

கானாடுகாத்தான் (வீட்டுக்காரர்)

சொல் எதுவானாலும் வைத்துக்கொள்ளுங்கள், என் கணக்கை யாராவது தீர்த்து வையுங்கள். முகப்பு மாடியில் 6 பேனல், ஒவ்வொன்றும் 540 வாட். மொத்தம் 3.24 கிலோவாட். காலை 6 முதல் மாலை 6 வரை வெயில் அடிக்கிறது. 12 மணி நேரம் என்றால் ஏறத்தாழ 39 யூனிட் வர வேண்டாமா? செயலியில் 13தான் காட்டுகிறது. இது மார்ச் மாதம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. போட்டுக் கொடுத்தவர்களைக் கேட்டால் “கிலோவாட்டுக்கு 4 யூனிட், சரியாகத்தான் வருகிறது” என்று போனை வைத்துவிடுகிறார்கள்.

தேவகோட்டை (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்)

காலை வெயிலும் சாயங்கால வெயிலும் பேனலுக்குப் போதாது. 10 மணி முதல் 3 மணி வரைதான் உருப்படியான வெயில், அது 5 மணி நேரம். 3.24ஐ 5ஆல் பெருக்கினால் 16, அதில் கொஞ்சம் வீணாகும், 13 வரும். கணக்கு சரியாக இருக்கிறது, அவர்கள் ஏமாற்றவில்லை. 3 மணிக்கு மேல் நிழல் விழுந்தாலும் கவலைப்பட வேண்டாம்.

சொல்லுக்கு என் ஆலோசனை ‘வெயில் நாழிகை’. நம்மிடம் இருந்த பழைய அளவு, வீணாகக் கிடக்கிறது.

பள்ளத்தூர் (வானிலை ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்)

சார், விடை கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனால் வழி சரியில்லை. இது கடிகாரத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதல்ல. நாள் முழுக்க விழுந்த வெயிலை ஒன்றாகக் கூட்டி, அது முழு வீச்சில் அடித்திருந்தால் எத்தனை மணி நேரத்துக்குக் காணும் என்று பார்ப்பது.

முழு வீச்சு என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட். ஏன் அந்த எண் என்று கேட்டால், பேனலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். Pmax 540 W என்று போட்டு, STC என்று ஒரு குறிப்பும் இருக்கும். 1000 வாட் வெயிலும் செல்லின் சூடு 25 டிகிரியும் இருக்கும்போது தருவதுதான் அந்த 540. வெயில் 500 வாட்டாக இருந்தால் பேனல் சுமார் பாதி தரும், 200 ஆக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே எத்தனை மணிக்கு வெயில் வந்தது என்பது முக்கியமில்லை, மொத்தம் எவ்வளவு விழுந்தது என்பதுதான் கணக்கு.

நம் பக்கம் மேகமில்லாத மார்ச் நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்குக் காலை 6 முதல் 10 வரை சுமார் 1380 வாட்மணி விழும். 10 முதல் 2 வரை 3520. 2 முதல் 6 வரை 1720. கூட்டினால் 6620. 1000ஆல் வகுத்தால் 6.6 மணி. 12 மணி நேரப் பகல் 6.6 மணியாகச் சுருங்குவது இப்படித்தான்.

சார் சொன்ன 10 முதல் 3 வரை மட்டும் எடுத்தால் 4.26 மணிதான் வரும், 5 வராது. நடு மதியத்திலும் 1000ஐத் தொடாமல் 900 சொச்சத்தில்தான் நிற்கும். மீதி 2.36 மணி அளவைக் காலையும் சாயங்காலமும்தான் கொண்டுவருகின்றன. 3 மணிக்கு மேல் கிடைப்பது மட்டும் ஏறக்குறைய ஒரு மணி. அது பேனலுக்குப் போதாது என்று தள்ளிவிட முடியாது.

நாழிகை வேண்டாம் சார். ஒரு நாழிகை 24 நிமிடம். 6.6 மணி 16.5 நாழிகை ஆகிவிடும், அப்புறம் கிலோவாட்டால் பெருக்கி யூனிட் எடுக்க மறுபடி மணிக்கு மாற்ற வேண்டும்.

காரைக்குடி

ஆச்சி, ரொம்ப நன்றி. அப்படியானால் சுருக்கமாக ‘வெயில் மணி’ என்று வைத்துவிடலாமா?

பள்ளத்தூர்

அதில்தான் சிக்கல். வானிலைக்காரர்கள் வெயில் நேரம் என்று ஏற்கெனவே ஒன்றை அளக்கிறார்கள். கண்ணாடி உருண்டை ஒன்று அட்டையில் வெயிலைக் குவித்துச் சுட்டுக்கொண்டே போகும், சுட்ட கோட்டின் நீளம்தான் அன்றைய வெயில் நேரம். இப்போதைய கருவிகளில் நேர்வெயில் 120 வாட்டுக்கு மேல் இருந்தால் கணக்கில் சேரும். அந்த மார்ச் நாளில் அது 11 மணி நேரத்தை ஒட்டி வரும். உங்களுடையது 6.6.

ஐப்பசியில் நிழலே விழாத மூட்டமான நாளைப் பாருங்கள். கண்ணாடி உருண்டை பூஜ்யம் காட்டும். பேனலுக்கோ சிதறி வரும் வெளிச்சத்தில் 2 மணி அளவுக்குத் தேறும், இவர் வீட்டில் அன்றும் 5 யூனிட் வரும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் யாராவது ஒருவர் ஏமாறுவார். அதனால் ‘முழுவெயில் மணி’ என்பேன். முழு என்பதில்தான் 1000 வாட் இருக்கிறது.

தேவகோட்டை

வழி பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘முழுவெயில் மணி’ என்றால் முழு வெயில் அடிக்கும் மணி என்று என்னைப் போலத்தான் நாலு பேர் படிப்பார்கள். ‘ஈடான’ என்ற கருத்து உள்ளே வர வேண்டும். ‘வெயில் ஈட்டுமணி’?

புதுவயல்

ஈட்டுமணி என்றால் அடகுக்கடை ஞாபகம்தான் வருகிறது சார். முழுவெயில் எனக்குப் புரிகிறது. ஆனால் 3.24ஐ 6.6ஆல் பெருக்கினால் 21க்கு மேல் வருகிறதே, அது எங்கே போகிறது?

காரைக்குடி

100 கிலோ நெல் அரைத்தால் 65 கிலோ சொச்சம்தானே அரிசி தேறுகிறது அண்ணே, அதுபோல இதிலும் தேறும் பங்கு ஒன்று உண்டு. பெரிய கழிவு சூடு. பேனல் நம் மாடியில் மதியம் 60 டிகிரி வரை போகும். 25க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும், 35 டிகிரிக்கு 12 சதவீதம். மேலே படியும் செம்மண் புழுதி, ஒயர், இன்வர்ட்டர் எல்லாம் சேர்ந்து இன்னொரு 10 சதவீதம் எடுக்கும். மொத்தத்தில் 0.75 முதல் 0.8 வரை தேறும். நான் 0.77 போட்டுப் பார்ப்பேன்.

```
ஒரு நாள் யூனிட் = கிலோவாட் × முழுவெயில் மணி × தேறும் பங்கு
3.24 × 6.6 × 0.77 = 16.5
```

ஐயா, உங்களுக்கு 13 வருவது மார்ச்சுக்குக் குறைவுதான். ‘கிலோவாட்டுக்கு 4 யூனிட்’ என்பது வருடச் சராசரி. நம் பக்கம் வருடம் முழுக்கச் சேர்த்தால் முழுவெயில் மணி ஐந்தரையை ஒட்டி வரும், அதில் தேறுவது நாலு யூனிட் சொச்சம். மழை மாதங்களில் நாலு மணி அளவுக்கு இறங்கிவிடும், அப்போது உங்களுக்கு 10 வந்தாலே நல்லது. அந்தக் குறைவைச் சமன்செய்வது மார்ச், ஏப்ரல்தான். இப்போதே சராசரியில் நின்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. மாடிக்கு மேற்கே என்ன இருக்கிறது? செயலியில் யூனிட்டை விட்டுவிட்டு, நாள் முழுக்க வாட் எப்படி ஏறி இறங்குகிறது என்ற கோட்டைப் பாருங்கள்.

கானாடுகாத்தான்

மேற்கே பக்கத்து மனையில் பெரிய புளியமரம். கோட்டைப் பார்த்தேன். காலையில் வழவழவென்று ஏறி, மதியம் 12:30 வாக்கில் உச்சிக்குப் போய், பிறகு அதே மாதிரி இறங்குகிறது. 3:10க்குப் பொத்தென்று விழுந்து 300 வாட்டுக்குக் கீழே போய்விடுகிறது. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை தரையோடு தரையாகத்தான் கிடக்கிறது.

பள்ளத்தூர்

நீங்கள் சொல்லும் வீழ்ச்சியே காரணத்தைக் காட்டிவிட்டது. மேகமென்றால் கோடு பல்லுப் பல்லாக இருக்கும், நேரமும் தினம் மாறும். புழுதியென்றால் உருவம் மாறாமல் நாள் முழுக்கச் சற்றுத் தாழ்ந்திருக்கும். தினமும் ஒரே நேரத்தில் செங்குத்தாக விழுந்தால் நிழல்தான். அந்த ஒரு மணியைக் கழித்து 5.6 போட்டால் ஏறத்தாழ 14 யூனிட் வருகிறது. உங்களுக்கு வருவது 13. மீதி ஒரு யூனிட் புழுதியாக இருக்கலாம். ஒரு நாள் விடியற்காலையில் கழுவிவிட்டு, கழுவிய நாளையும் முந்தின நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மதியச் சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், கண்ணாடி விரிசல் விடக்கூடும்.

கானாடுகாத்தான்

கழுவிவிடலாம். மரம் என்னுடையதில்லை, அதுதான் வம்பு.

தேவகோட்டை

சரி, துண்டறிக்கையில் ‘முழுவெயில் மணி’ போடுங்கள். ஆனால் கீழே ‘கடிகார மணி அல்ல’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். ‘ஈடு’ என்ற கட்சியை நான் விடவில்லை.

காரைக்குடி

போடுகிறேன் சார். முதல் தடவை வரும் இடத்தில் பீக் சன் ஹவர்ஸ் என்பதையும் பக்கத்தில் வைக்கிறேன், விலைப்பட்டியலில் அதைத்தான் பார்ப்பார்கள். எங்கே பார்ப்பது என்றும் எழுதுவேன்: Global Solar Atlas தளத்தில் ஊரைத் தொட்டால் kWh/m² என்று வரும் எண்ணை ஒரு நாளுக்கு எடுத்தால் அதுவே முழுவெயில் மணி. GHI என்றிருப்பது தட்டையாகக் கிடக்கும் தளத்துக்கு. சாய்ந்த பேனலுக்கு GTI. நம் ஊரில் 10 டிகிரி தெற்குச் சாய்வுக்கு இரண்டும் பெரிதாக வேறுபடாது.

புதுவயல்

என் ஆலையில் தகரக் கூரை கிழக்கும் மேற்குமாக இறங்குகிறது. தெற்குப் பக்கமே கிடையாது. அதற்கு முழுவெயில் மணி எவ்வளவு போடுவது?

காரைக்குடி

சாய்வு குறைவாக இருந்தால் தட்டைக் கூரையை விடக் கொஞ்சம்தான் குறையும். கிழக்குப் பக்கம் காலையில் முந்தும், மேற்குப் பக்கம் சாயங்காலம் இழுக்கும், அதனால் இரண்டையும் ஒரே ஸ்ட்ரிங்கில், அதாவது ஒரே தொடர் இணைப்பில், சேர்க்கக் கூடாது. எத்தனை டிகிரி இறக்கம் என்று அளந்து எழுதுங்கள் அண்ணே, பார்த்துச் சொல்கிறேன்.