ஆடிட்டர் கேள்விக்கு வாட்ஸ்அப் பாணியில் எழுதிய பதில்கள்: திருத்தியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

நகரி தறிக்கணக்கு
நகரியில் ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட். நூல் வாங்கி, போத்தட்டூர்பேட்டை தறிகளுக்குக் கூலிக்குக் கொடுத்துத் துணியாக வாங்குகிறார்கள். வருடாந்திர ஆடிட்டில் வந்த மூன்று கேள்விகளும், ஸ்டோர் பையன் போனில் தட்டிய பதில்களும் இவை. வெளியே போவதற்கு முன் திருத்த வேண்டும்.

கேள்வி 4: 31.03.2025 அன்று லெட்ஜரில் நூல் 12,480 கிலோ, எண்ணிக்கைத் தாளில் 11,930 கிலோ. ஏன்?
பதில்: "தறிக்குப் போனதை விட்டுட்டாங்க சார். சரியா வந்துடும்."

கேள்வி 7: தறிக்காரர்களிடம் இருக்கும் நூலுக்கு உறுதிக் கடிதம் உண்டா?
பதில்: "எல்லார்கிட்டயும் வாங்கிக் கொடுத்துடறோம்."

கேள்வி 9: சலான் 121-க்கு இ-வே பில் எங்கே?
பதில்: "ஐம்பதாயிரத்துக்குக் கீழ, தேவையில்ல."

புத்தூர் சீனியர்
நான்கையும் ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. வித்தியாசம் 550 கிலோ. மொத்தமும் தறியில் இருப்பதாக நாலாவது பதில் சொல்கிறது. ஏழாவது கேள்வியோடு நீங்கள் கொடுக்கப்போகும் தறிக்காரர் பட்டியலில் எவ்வளவு வருகிறது? அதைக் கூட்டிவிட்டு எழுதுங்க. ஆடிட்டர் முதலில் செய்யும் வேலை அந்தக் கூட்டல்தான்.

நகரி தறிக்கணக்கு
கூட்டினேன். சலான் 118, 27.03 தேதி, 4 மூட்டை, 240 கிலோ. சலான் 121, 29.03 தேதி, 3 மூட்டை, 180 கிலோ. மொத்தம் 420. மிச்சம் 130 கிலோ நிற்குது.

பள்ளிப்பட்டு கணேஷ்
130-ஐ சைசிங் கழிவுன்னு போட்டுடுங்கண்ணா. எல்லா இடத்திலும் கழிவு உண்டு, யாரும் கேட்கமாட்டாங்க.

புத்தூர் சீனியர்
கேட்பாங்க தம்பி. மார்ச்சில் சைசிங்குக்குப் போனது எவ்வளவு?

நகரி தறிக்கணக்கு
3,000 கிலோ. கழிவுப் பதிவேட்டில் மற்ற மாதங்களில் சுமார் ஒரு சதவீதம்தான்.

புத்தூர் சீனியர்
அப்போ 130 கிலோ என்றால் நாலு சதவீதத்துக்கும் மேலே. வகுத்துப் பார்த்த உடனே அடுத்த கேள்வி வரும்: மார்ச்சில் மட்டும் ஏன் நாலு மடங்கு? அதற்கு ஒரு கதை, அந்தக் கதைக்கு ஒரு பதிவேடு. யூகத்தை எழுதினால் இப்படித்தான் நீளும். மூட்டை 60 கிலோ, 130 அதன் மடங்கு இல்லை. ஆகவே முழு மூட்டை மட்டும் காணாமல் போயிருக்காது என்று நமக்குத் தோன்றலாம். எங்கே தேட வேண்டும் என்பதற்கு அது உதவும், பதிலில் வரக்கூடாது.

நாலாவது பதிலை இப்படி எழுதலாம்:

"31.03.2025 அன்று லெட்ஜர் இருப்பு 12,480 கிலோ. அன்று நடந்த எண்ணிக்கை குடோன் சரக்கை மட்டும் கணக்கில் எடுத்தது: 11,930 கிலோ. வித்தியாசம் 550 கிலோ. இதில் 420 கிலோ, சலான் 118 மற்றும் 121 மூலம் தறிக்கு அனுப்பப்பட்டு அன்றுவரை திரும்பாதது (நகல் இணைப்பு 4-அ). மீதி 130 கிலோவுக்குக் காரணம் இன்றுவரை கண்டறியப்படவில்லை. மார்ச் மாத வரவுக் குறிப்புகளும் கழிவுப் பதிவேடும் ஒப்பிடப்படுகின்றன. அதுவரை தெரிந்த நிலவரம் 18.06.2025 அன்று எழுத்தில் தரப்படும்."

கடைசி வரியைக் கவனிங்க. 18-ஆம் தேதி நிலவரம் தருவோம் என்றுதான் இருக்கிறது, சரிசெய்து தருவோம் என்று இல்லை. முதலாவது நம் கையில் இருக்கிறது, இரண்டாவது இல்லை.

ஏகாம்பரக்குப்பம் சங்கம்
எனக்கும் இதே பிரச்சனைதான் சார். ASMT-10 வந்திருக்கு. இதே மாதிரி "கண்டறியப்படவில்லை"ன்னு எழுதிடலாமா?

புத்தூர் சீனியர்
அது வேற விஷயம். ASMT-10 ஜிஎஸ்டி அதிகாரி உங்கள் ரிட்டர்னைப் பார்த்து அனுப்பும் நோட்டீஸ், பதில் ASMT-11-இல் போகணும், கெடு இருக்கிறது. வரி ஆலோசகர் பார்க்காமல் ஒரு வரியும் ஏற்றாதீங்க. இங்கே பேசுவது கம்பெனியே வைத்த ஆடிட்டருக்கான பதில்.

திருத்தணி மீனா
ஏழாவது பதிலில் இன்னொரு சிக்கல். "வாங்கிக் கொடுத்துடறோம்" என்பது அடுத்தவர் போட வேண்டிய கையெழுத்துக்கு நாம் வாக்குக் கொடுப்பது. அதோடு, கம்பெனி வாங்கி நீட்டும் கடிதத்துக்கு ஆடிட்டரிடம் மதிப்பு குறைவு. கடிதத்தை அவர் அனுப்பி, பதில் நேராக அவருக்கே போகணும். நான் எழுதினால்: "31.03.2025 அன்று நூல் இருந்தது இரண்டு தறி உரிமையாளர்களிடம். பெயர், முகவரி, சலான்படி அளவு இணைப்பு 7-அ. உறுதிக் கடிதம் இதுவரை பெறப்படவில்லை. தாங்கள் நேரடியாக எழுதுவதற்கு எங்களுக்கு ஆட்சேபம் இல்லை."

பள்ளிப்பட்டு கணேஷ்
சரி, ஒன்பதாவது பதிலாவது சரிதானே? தமிழ்நாட்டுல ஒரு லட்சம் வரைக்கும் இ-வே பில்லே வேண்டாம்.

திருத்தணி மீனா
அந்த ஒரு லட்சம் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் சரக்குக்கு. இங்கே வண்டி நகரியில் கிளம்பி போத்தட்டூர்பேட்டையில் இறங்குது, நடுவில் மாநில எல்லை. கூலி வேலைக்காக ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவானாலும் இ-வே பில் வேணும், ஐம்பதாயிரம் கணக்கே கிடையாது. விதி 138-இல் இருக்கு. எல்லைப் பக்கம் நிறைய பேர் இதில் மாட்டுவாங்க, ஏன்னா நமக்கு அது பக்கத்து ஊர்.

நகரி தறிக்கணக்கு
118-க்கு 57,600 மதிப்பு, பில் எடுத்திருக்கு. 121-க்கு 43,200, எடுக்கலை. "மறந்துட்டோம், இனிமே நடக்காது"ன்னு எழுதட்டுமா?

புத்தூர் சீனியர்
மறந்ததா, வேண்டாம் என்று நினைத்ததா என்று பில் போடுபவரைக் கேட்டீங்களா? கேட்காமல் "மறந்துட்டோம்" என்றால் அதுவும் யூகம். "இனிமே நடக்காது" என்பதை அடுத்த வருஷ ஆடிட்டர் எடுத்து வைத்துக் கேட்பார். "சலான் 121-க்கு (180 கிலோ, ரூ.43,200) இ-வே பில் எடுக்கப்படவில்லை. சலான் 118-க்கு எடுக்கப்பட்டது, நகல் இணைப்பு 9-அ." இவ்வளவு போதும். புதிய நடைமுறை ஏதாவது ஏற்கெனவே தொடங்கியிருந்தால் மட்டும், எந்தத் தேதியிலிருந்து என்று சேருங்க.

பள்ளிப்பட்டு கணேஷ்
எல்லா பதிலுக்கும் கீழே "எங்களுக்குத் தெரிந்தவரை"ன்னு போட்டுட்டா பாதுகாப்புதானே?

திருத்தணி மீனா
சலான் எண்ணுக்குக் கீழே அதைப் போட்டால் சிரிப்பாங்க கணேஷ். பேப்பர் இருக்கும் இடத்தில் பேப்பரைக் காட்டணும். ஒருத்தர் வாய்மொழியாகச் சொன்னதை எழுதும்போது யார், எப்போது சொன்னார் என்று போடலாம்.

புத்தூர் சீனியர்
கடைசியில் டைரக்டர் கையெழுத்துப் போடும் கடிதத்தில் அந்த வார்த்தை வரும், அங்கே அதற்கு இடம் உண்டு. கேள்வி-பதிலில் நானும் தவிர்ப்பேன். இன்னொன்று: மார்ச் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் பாங்குக்கு என்ன அளவில் போனது?

நகரி தறிக்கணக்கு
12,480.

புத்தூர் சீனியர்
அப்போ 130 கிலோ அங்கேயும் தொங்குது. பாங்குக்குக் கொடுத்ததும் புத்தகமும் ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டர் பார்ப்பார். காரணம் தெரியும் முன்பே பாங்குக்குச் சொல்லிவிடலாம் என்பது என் கருத்து.

திருத்தணி மீனா
நான் ஒத்துக்கமாட்டேன். அளவு முடிவாகாமல் திருத்தம் அனுப்பினால், மறுபடியும் ஒரு திருத்தம் அனுப்ப வேண்டி வரும். 18-ஆம் தேதி வரை பொறுக்கலாம்.

நகரி தறிக்கணக்கு
அதை முதலாளியிடம் விட்டுட்டேன். வரவுக் குறிப்புகளைப் பார்த்ததில் ஒரு மூட்டை, 60 கிலோ, இரண்டு முறை லெட்ஜரில் ஏறியிருக்கு. இன்னும் 70 கிலோ தெரியலை. நாலாவது பதில் நேற்றே போயிடுச்சு, அதையே மாற்றி அனுப்பவா?

புத்தூர் சீனியர்
போனதைத் தொடாதீங்க. "கேள்வி 4, கூடுதல் பதில் 1" என்று புதிய தேதியோடு தனித்தாளில்: 60 கிலோ இரட்டைப் பதிவு, வரவுக் குறிப்பு நகல் இணைப்பு 4-ஆ, 70 கிலோ நிலுவை. பாங்கு ஸ்டேட்மென்ட் பற்றிக் கேள்வி வந்தால் அதே 60, அதே 70 அங்கேயும் வரணும்.