மலை இறங்கி வரும் வெப்பக் காற்று: நேரில் உணர்ந்தவர்களின் அனுபவங்கள்

பனிவெளி:

ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் தங்கிப் படித்துவரும் எனக்கு, ஃபான் எனப்படும் இந்த வெப்பக் காற்று பள்ளத்தாக்குக்குள் நுழையும் நேரத்தைத் தொடக்கம் முதல் கவனிக்கும் வாய்ப்பு ஒரு நவம்பர் இரவில் கிடைத்தது. அன்று மாலை தெற்கே ஆல்ப்ஸின் முதன்மை முகட்டின்மேல் மேகம் மதில்போல எழுந்து நின்றது. ஆனால் நகரத்தின்மேல் வானம் தெளிவாக இருந்தது, இடையில் வில்லை வடிவ மேகங்கள் சில இடம்பெயராமல் நின்றன. சன்னலுக்கு வெளியே மாட்டியிருந்த கருவி 2 டிகிரி செல்சியஸையும் 90 விழுக்காடு ஈரப்பதத்தையும் காட்டியது. இரவு ஏறியபின் மேற்கிலிருந்து மெல்லிய குளிர்காற்று வீசத் தொடங்கியதால், இன்று ஃபான் வராது என்றே எண்ணினேன். அதன்பின் சற்றும் எதிர்பாராமல் தெற்கிலிருந்து வன்காற்று அடித்தது. சன்னல் சட்டங்கள் அதிர்ந்துகொண்டிருக்க, கருவியின் எண் என் கண்முன்னே ஏறி, பத்து நிமிடங்களுக்குள் 15 டிகிரியைத் தொட்டது. ஈரப்பதம் 25 விழுக்காட்டுக்கு இறங்கியது.

சூரியனே இல்லாத நேரத்தில் ஒரு பள்ளத்தாக்கின் காற்று முழுவதும் இவ்வளவு விரைவாக எப்படிச் சூடேற முடியும்? இதுபோன்ற காற்றை நேரில் உணர்ந்தவர்கள் தாங்கள் கண்டதை எழுதினால் மகிழ்வேன்.

நிலவியல் ஆசிரியர்:

வகுப்பில் நான் ஆண்டுதோறும் விளக்கும் பாடம் இது. காற்று மோதும் பக்கத்தில், 500 மீட்டர் உயரத்தில் 12 டிகிரியில் உள்ள காற்று மலையேறத் தொடங்குவதாகக் கொள்வோம். மேகம் உருவாகாதவரை அது ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி என்ற அளவில் குளிரும். ஆகவே 1000 மீட்டரில் 7 டிகிரியாகும். அங்கு மேகம் உருவாகிவிட்டால், நீராவி குளிர்ந்து நீராகும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் குளிர்தலைத் தணிப்பதால், அதன்பின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரிதான் குறையும். 2500 மீட்டர் முகட்டை அடையும்போது −2 டிகிரியாக இருக்கும். மழையை மறுபுறமே கொட்டிவிட்ட அந்தக் காற்று மீண்டும் 500 மீட்டருக்கு இறங்கும்போது முழு வழியும் 10 டிகிரிக் கணக்கில் சூடேறி, ஏறத்தாழ 18 டிகிரியுடன் வந்து சேரும். மறுபுறம் பெய்த மழைதான் இந்தப் பக்கம் வெப்பமாக வருகிறது என்பதே இதன் சாரம்.

முகட்டுவழி:

மலைநிலையத் தரவுகளோடு நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். ஆசிரியர் போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது பனிவெளி கேட்ட கேள்விக்கு விடையாகாது. அந்தக் கணக்கின்படி கிடைப்பது, மலையின் இருபுறத்துக்கும் இடையே 6 டிகிரி வேறுபாடு. அவர் கண்டதோ ஒரே இடத்தில், பத்து நிமிடத்தில், 13 டிகிரி ஏற்றம். மேலும், மறுபுறம் ஒரு துளி மழையும் பெய்யாத நாட்களில்கூட வலுவான ஃபான் வீசுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அத்தகைய நாட்களில் மறுபுறத்தின் தாழ்ந்த காற்று மலையேறாமல் அங்கேயே தேங்கிக் கிடக்கிறது. முகட்டின் உயரத்திலேயே வரும் காற்றுதான் இந்தப் பக்கம் இறங்குகிறது. ஃபான் சகாராவிலிருந்து வருகிறது என்று பலரும் நம்பிய காலத்தில், இறங்கும்போது அழுத்தம் கூடுவதால்தான் அது சூடேறுகிறது என்று யூலியஸ் ஹான் 1866இல் விளக்கினார். அந்த அடிப்படை இன்றும் மாறவில்லை.

பனிவெளி, அந்த இரவில் உங்கள் நகரத்துக்குத் தெற்கே உள்ள பாட்சர்கோஃபல் மலையின் உச்சி நிலையத்தின் வெப்பநிலை என்ன என்று பார்த்துச் சொல்ல முடியுமா? ஃபான் நுழைவதற்கு முன்பும் பின்பும் இருந்த அளவுகள் வேண்டும்.

பனிவெளி:

பார்த்தேன். முன்பும் −1, பின்பும் −1. உச்சியில் எந்த மாற்றமும் இல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

முகட்டுவழி:

விடை அந்த மாறாத எண்ணில்தான் இருக்கிறது. அந்த நிலையம் ஏறத்தாழ 2250 மீட்டரில் உள்ளது, நகரம் 580 மீட்டரில் உள்ளது. இடைவெளி 1670 மீட்டர். உச்சியின் காற்று வேறு காற்றோடு கலக்காமல் நகரம்வரை இறங்கினால் 16 டிகிரிக்குச் சற்று மேலாகச் சூடேறும். −1 உடன் 16ஐக் கூட்டினால் 15. நீங்கள் பார்த்த அளவும் அதுவே. ஃபான் நுழைவதற்கு முன் இரண்டு இடங்களுக்கும் 3 டிகிரிதான் வேறுபாடு. அதாவது, பள்ளத்தாக்கின் அடியில் அதன் உயரத்துக்கு ஒவ்வாத கடுங்குளிர்க் காற்று தேங்கியிருந்தது. அன்று எந்தக் காற்றும் பத்து நிமிடத்தில் 13 டிகிரி சூடேறவில்லை; வெப்பக் காற்று மாலையிலிருந்தே உங்கள் தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த குளிர்காற்று விலகியதும் அது தரையைத் தொட்டது, அவ்வளவுதான்.

மேற்கிலிருந்து வந்த மெல்லிய குளிர்காற்றை நீங்கள் குறிப்பிட்டது சிறந்த கவனிப்பு. இன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தேங்கிய குளிர்காற்று கிழக்கு நோக்கி வடிந்து வெளியேறும்போது அந்த மேற்குக் காற்று எழுகிறது. ஃபான் நுழைவதற்கு முன் இன்ஸ்புருக்கில் இது அடிக்கடி நிகழும். ஃபான் வராது என்று உங்களை எண்ணவைத்த காற்றே அதற்கு வழிவிடும் காற்றாக இருந்திருக்கிறது.

மேற்குச்சாரல்:

நான் கனடாவின் ஆல்பர்ட்டாவில், ராக்கி மலையின் கிழக்கு அடிவாரத்தில் வசிக்கிறேன். இங்கே இதைச் சினூக் என்பார்கள். மேற்கு வானில் மேகம் வளைவாக நிற்க, அதன் கீழே நீலப் பட்டை தெரிந்தால் காற்று வருகிறது என்று பொருள். என்னுடைய கேள்வி வேறு. வசந்தத்தின் தொடக்கத்தில் எங்கள் பகுதி மலைச்சரிவின் நடுவில் பைன் மரங்களின் ஊசியிலைகள் செங்கபில நிறமாக மாறி, கிடைமட்டமாக ஒரு நீண்ட பட்டைபோல் தெரிந்தன. பட்டைக்கு மேலேயும் கீழேயும் மரங்கள் பச்சையாகவே நின்றன. நோயாக இருக்குமோ என்று அஞ்சினேன். சினூக்கால் வந்தது என்கிறார்கள். காற்று எல்லா மரங்களின்மேலும்தானே வீசுகிறது, பிறகு ஒரு பட்டை மட்டும் ஏன் கருக வேண்டும்?

முகட்டுவழி:

உங்கள் கேள்வி வேறு அன்று, இதே கேள்விதான். வேர் நிற்கும் மண் உறைந்திருக்கும்போது வெப்பமான உலர்காற்று வீசினால், இலை நீரை இழக்கும். வேரால் அதை ஈடுசெய்ய முடியாது. ஆனால் சரிவின் அடியில் குளிர்காற்று தேங்கியிருந்தால், அதற்குள் மூழ்கி நிற்கும் மரங்களைச் சினூக் தொடுவதே இல்லை. அந்தத் தேக்கத்துக்குச் சற்று மேலே நிற்பவையே பட்டையாகச் சிவக்கின்றன. பல குளிர்காலங்களில் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் எந்த உயரத்தில் சந்தித்தன என்பதை அந்தப் பட்டையின் கீழ்விளிம்பு ஏறத்தாழக் காட்டிவிடும்.

இந்த எல்லை எவ்வளவு கூர்மையானது என்பதற்கு, தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலையடியில் உள்ள ஸ்பியர்ஃபிஷ் ஊரைவிடச் சிறந்த சான்று இல்லை. 1943 ஜனவரி 22 காலை 7.30 மணிக்கு அங்கே −20 டிகிரி. இரண்டே நிமிடத்தில் 7 டிகிரி. ஒன்பது மணியளவில் 12 டிகிரிவரை ஏறியது. பின்னர் காற்று ஓய, 27 நிமிடத்தில் மீண்டும் −20க்கு விழுந்தது. சன்னல் கண்ணாடிகள் விரிசல்விட்டன. அதே நாளில் அருகிலுள்ள லீட் நகரம் சுமார் 11 டிகிரியில் இருக்க, இரண்டரை கிலோமீட்டருக்குள் தாழ்வாக அமைந்த டெட்வுட் −27 டிகிரியில் இருந்தது. ஆர்க்டிக் குளிர்காற்றின் மெல்லிய அடுக்கு அங்கே மலையடியில் முன்னும் பின்னும் அசைந்தது. அதன் விளிம்பு ஊரைக் கடந்த ஒவ்வொரு முறையும் வெப்பமானி பாய்ந்தது.

காலைநடை:

எங்கள் பள்ளத்தாக்கிலும் இதுபோல் நடப்பதுண்டு. காலையில் மூடுபனி விலகியதும் ஒரு மணி நேரத்தில் 8 டிகிரி ஏறுகிறது, ஈரப்பதமும் பாதியாகக் குறைகிறது. இதையும் ஃபான் என்று கொள்ளலாம் அல்லவா?

முகட்டுவழி:

ஈரப்பத விழுக்காட்டை மட்டும் நம்பி முடிவுசெய்ய வேண்டாம். அதே காற்று வெயிலில் சூடேறினாலும் அந்த விழுக்காடு குறையும். காற்று குளிரும்போது அதன் நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலையான பனிப்புள்ளியைப் பாருங்கள்: காற்றில் உள்ள நீராவியின் அளவு மாறாதவரை அது பெரிதாக அசையாது. உங்களிடம் ஏறியது வெயிலால் என்றே எண்ணுகிறேன். பனிவெளியின் அளவுகளில் பனிப்புள்ளி ஏறத்தாழ பூஜ்யத்திலிருந்து −4 அல்லது −5க்கு இறங்கியிருக்கிறது. அங்கே காற்றே மாறிவிட்டது.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆல்பர்ட்டாவில் ஆர்க்டிக் காற்று விலகிச் சினூக் நுழையும்போது பனிப்புள்ளி பெரும்பாலும் ஏறும், ஏனெனில் −25 டிகிரிக் காற்றால் மிகச் சிறிதளவு நீராவியையே தாங்க முடியும். ஆகவே பனிப்புள்ளி எத்திசையில் நகர்ந்தது என்பதைவிட, வெப்பநிலையோடு ஒரே கணத்தில் தாவியதா, காற்றின் திசையும் வேகமும் உடன் மாறினவா என்பதே நம்பத்தக்க அடையாளம்.

கீழைக்கரை:

மட்டக்களப்பில் பணியாற்றிய காலத்தில் கச்சான் காற்றை அனுபவித்திருக்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் ஜூன், ஜூலை மாதங்களில், கடற்காற்றையே உள்ளே நுழையவிடாமல் அது தடுத்துவிடும். வெப்பநிலை 38 டிகிரியை நெருங்கும். மலையின் மேற்குப் பக்கத்தில் அப்போது மழை கொட்டுவதால், ஆசிரியரின் விளக்கம் இங்கே பொருந்தும் என்று தோன்றுகிறது. அங்கே குளிர்காற்றுத் தேக்கம் என்று எதுவும் இல்லையே.

நிலவியல் ஆசிரியர்:

என் பாடத்துக்கும் ஓர் இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி. மறுபுறத்து மழை ஒவ்வொரு மலையிலும் ஒரே அளவு பங்கு வகிப்பதில்லை என்பதை இனி வகுப்பில் சேர்த்துச் சொல்வேன்.

முகட்டுவழி:

ஈரம் மிகுந்த பருவக்காற்று உண்மையிலேயே மலையேறி மழை பொழிந்துவிட்டு இறங்கும் இடத்தில் உள்ளுறை வெப்பத்தின் பங்கு பெரிதாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. கடற்காற்று அங்கே குளிர்காற்றுத் தேக்கத்தின் இடத்தை ஓரளவு பிடித்துக்கொள்கிறது. அது வென்று நுழையும் நேரத்தில் வெப்பநிலை சட்டென இறங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இரண்டு காரணங்களில் எது எத்தனை டிகிரியைத் தருகிறது என்பதை, மலையின் இருபுறத்திலும் மேலேயும் ஒரே நேரத்தில் அளக்காமல் பிரித்துச் சொல்ல இயலாது.

பனிவெளி:

அப்படியானால் ஃபான் நுழையும் நேரத்தை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

முகட்டுவழி:

ஃபான் வீசும் நாளை ஓரளவு சொல்லலாம்; தெற்கே போல்சானோவின் காற்றழுத்தம் இன்ஸ்புருக்கைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை முன்னறிவிப்பாளர்கள் அதற்காகவே பார்க்கிறார்கள். நகரத்துக்குள் அது நுழையும் மணிநேரம்தான் இன்றும் கடினமானது. குளிர்காற்றுத் தேக்கத்தை மேலோடும் காற்று அரித்துக் கரைப்பதும், அது பக்கவாட்டில் வடிந்து போவதும், பகலில் வெயில் அடியிலிருந்து சூடாக்குவதும் சேர்ந்தே அதை அகற்றுகின்றன. 2017இன் இலையுதிர்காலத்தில் உங்கள் நகரத்திலேயே இதற்காகப் பியானோ என்ற பெயரில் கள ஆய்வு நடந்தது. தேக்கம் அன்று எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பது தெரியாமல் நேரத்தைச் சொன்னால் அது ஊகமாகவே இருக்கும். உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு: நகரத்துக்கு வடக்கே உள்ள சரிவில், சில நூறு மீட்டர் மேலே உள்ள ஒரு நிலையத்தின் அளவைக் கவனியுங்கள். அங்கே வெப்பநிலை தாவிய பின்னும் நகரம் குளிராகவே இருந்தால், தேக்கத்தின் மேல்விளிம்பு அந்த நிலையத்துக்குக் கீழே இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். சில நாட்களில் அது அங்கேயே நின்றுவிடும். நகரத்துக்கு ஃபான் வரவே வராது.