எக்ஸாம் வாரத்துல கண்ணுல பட்டது, மாசாமாசம் தெரியாம போன ஏழு பிடித்தம் – உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

களக்காட்டுக்காரி:

பாளைல ஹாஸ்டல்ல இருந்து மேத்ஸ் படிக்கேன், கடைசி வருஷம். அப்பாவுக்கு வாழைதான் வருமானம், ஒண்ணாந்தேதி ஆனா 2500 போட்டு விட்ருவாவ. போன செமஸ்டர்ல ரெண்டாவது பேப்பருக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடைல பழைய கொஸ்டின் பேப்பர் எடுத்துட்டு 40 ரூவாய்க்கு ஸ்கேன் பண்ணுதேன், பேலன்ஸ் இல்லன்னு வருது. திரும்ப பண்ணுதேன், திரும்பவும் அதே. பின்னால நாலு பேர் நிக்கான். கடை அண்ணாச்சி பேப்பரைத் திரும்ப வாங்காம "நாளைக்கு குடும்மா, போய் படி"ன்னுட்டாவ. மானமே போச்சு, அன்னைக்கு தேதி 19தான்.

ரூமுக்கு வந்து படிக்காம பேங்க் ஆப்ல மூணு மாச ஸ்டேட்மெண்ட் இறக்குனேன். டீ, பஸ், மெஸ்ஸுன்னு நூறு வரி இருக்கு, ஒண்ணும் வெளங்கல. அப்புறம்தான் தோணுச்சு, மூணு மாசத்துலயும் ஒரே தொகை ஏறக்குறைய ஒரே தேதில போயிருக்கான்னு மட்டும் பாப்போம்னு. பென்சிலால நோட்ல எழுத எழுத ஆறு மாட்டுச்சு. பேர்லாம் நமக்குத் தெரிஞ்ச பேரா இருக்காது, நடுவுல பணம் வாங்கிக் குடுக்கற கம்பெனி பேருதான் இருக்கும், அதனாலயே இத்தனை நாள் ரீசார்ஜ்னு நெனச்சு தாண்டிப் போயிருக்கேன்.

199 ஒரு போட்டோ எடிட் ஆப். கல்ச்சுரல்ஸ் போஸ்டருக்கு ஒரு ரூவா ட்ரையல்னு போட்டது, மறுநாளே ஆப்ப அழிச்சுட்டேன். ஆப்ப அழிச்சா பணம் நின்னுரும்னு நெனச்சேன் பாருங்க, அதுதான் நான் பண்ண பெரிய கூத்து. 99 ஒரு மாக் டெஸ்ட் ஆப், குரூப் 4க்கு படிக்கப் போறேன்னு ஒரு வேகத்துல போட்டது. 119 பாட்டு ஆப், இது ஸ்டூடண்ட் பிளான்ல 59ஆ இருந்தது, வருஷம் முடிஞ்சதும் திரும்ப ஸ்டூடண்ட்தான்னு காட்டணுமாம், நான் காட்டல, சத்தமில்லாம முழு ரேட்டுக்குப் போயிட்டு. 149 கிரிக்கெட் பாக்க போட்டது. 130 மெயில் ஸ்டோரேஜ். 100 ரூவா பஸ் ஸ்டாண்டுல கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு நின்ன அக்கா தெருநாய்க்கு உதவுங்கன்னு வாங்குனது, அது மாசாமாசம்னு எனக்கு உறைக்கவே இல்ல.

ஏழாவது ஸ்டேட்மெண்ட்லயே இல்ல. அவசரத்துக்குன்னு சிம்ல 100 டாப்-அப் போட்டு வச்சிருந்தேன், பாத்தா கொஞ்சந்தான் கிடக்கு. காலர் ட்யூன், மாசம் 36. நமக்குப் போன் அடிக்கறவங்களுக்குத்தான் கேக்கும், நமக்கு எங்க தெரியும்.

கூட்டுனா 832.

நிறுத்துன கதைதான் பெருசு. 199ம் 99ம் UPIல போட்டது. ஒரு பேமெண்ட் ஆப்ல AutoPay பக்கத்துல 199 மட்டும் இருந்துச்சு, 99ஐக் காணும். அது வேற ஆப்ல போட்டது, அங்க போய்தான் பிடிச்சேன். கேன்சல் அமுக்குனா UPI பின் கேக்குது, பணம்தான் போகப் போகுதுன்னு கையே நடுங்கிட்டு, ரூம்மேட்தான் "ஏட்டி போடு, நிறுத்தவும் பின் கேக்கும்"னா. கிரிக்கெட்டும் ஸ்டோரேஜும் ப்ளே ஸ்டோர் வழியா போனது, அங்க சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பக்கத்துல கிரிக்கெட்ட முடிச்சேன். ஸ்டோரேஜ மட்டும் தொடல. 15 ஜிபிக்கு மேல கிடந்தா மெயில் வாரதே நின்னுரும், நோட்ஸ், ஹால் டிக்கெட் எல்லாம் மெயில்லதான் வருது. எக்ஸாம் முடிஞ்சு வீடியோவ எல்லாம் அழிச்சு 11க்கு கொண்டு வந்தப்புறம்தான் நிறுத்துனேன். பாட்டு ஆப் டெபிட் கார்டுல போட்டது, அந்த ஆப்புக்குள்ளயே போய் கேன்சல். காலர் ட்யூனுக்கு 155223க்கு STOPன்னு மெசேஜ்.

நாய் நூறு ரூவாதான் எந்த ஆப்லயும் இல்ல. ரெண்டு பேப்பருக்கு நடுவுல ஒரு நாள் லீவு, பேங்குக்கே போனேன்.

மேலப்பாளையம் பாய்: கார்ட மாத்திருங்க தங்கச்சி, எல்லாம் ஒரேயடியா நின்னுரும். இல்லன்னா அந்த அக்கவுண்ட்ல காசே வைக்காதீங்க, எடுத்துப் பாத்துட்டு தன்னால போயிருவான். நான் அப்படித்தான் பண்ணேன். அப்புறம் நிறுத்தறதுக்கு எதுக்கு பின்னு? பின் போட்டா பணம் போகும், அது ஏமாத்து வேலை.

கவுண்டர் நம்பர் மூணு: பேங்க்லதான் வேலை பாக்கேன், அதனால சொல்லுதேன் பாய். கார்டு மாத்துனா, நின்னாலும் கார்டுல போட்டது மட்டும்தான் நிக்கும், இந்தப் புள்ளைக்கு அது பாட்டு ஆப் ஒண்ணுதான். UPIல போட்டது கணக்கோட ஒட்டுனது, கார்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. காசு வைக்காம விடறது அதைவிட மோசம். அந்த நூறு ரூவா நாச் மேண்டேட், அதாவது கணக்குலேருந்து மாசாமாசம் எடுத்துக்கலாம்னு குடுத்த அனுமதி, கணக்குல காசு இல்லாம திரும்புனா ஒவ்வொரு தடவைக்கும் பேங்க் அபராதம் போடும், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. நூறு ரூவாய நிறுத்தப் போய் அதுக்கு மேல கட்டிட்டு கவுண்டர்ல வந்து சண்டை போடறவங்கள வாரா வாரம் பாக்கேன். பின் விஷயத்துல நீங்க பாதி சரி. யாராவது போன்ல லிங்க் அனுப்பி பின் போடச் சொன்னா ஏமாத்துதான். நாமளே ஆப்பத் திறந்து நம்ம லிஸ்ட்ல போய் நிறுத்துனா அது வேற.

தங்கச்சி, பேங்க்ல அந்த மேண்டேட்டோட நம்பர், UMRNம்பாங்க, அதைக் கேட்டாங்களா?

களக்காட்டுக்காரி: கேட்டாங்க அண்ணாச்சி, எனக்கு எங்க தெரியும். ஸ்டேட்மெண்ட காட்டுனப்புறம் அவங்களே கம்ப்யூட்டர்ல தேடி 20 எழுத்துல ஒரு நம்பர் எழுதிக் குடுத்தாங்க, ஃபார்ம்ல அதை எழுதிக் கையெழுத்து போட்டேன். அடுத்த மாசம் ஒரு தடவை எடுத்தாலும் எடுக்கும், பாத்துட்டு வான்னாங்க.

அம்பை அத்தை: எஸ்எம்எஸ் சார்ஜையும் பாரும்மா, மூணு மாசத்துக்கொருக்க பிடிக்கான். மே கடைசில எனக்கு 436ம் 20ம் போயிட்டு, அதையும் நிறுத்திரலாமா?

கவுண்டர் நம்பர் மூணு: யக்கா, அது வேற. 436 உயிர்க் காப்பீடு, 20 விபத்துக் காப்பீடு, வருஷத்துக்கு ஒரு தடவை பிடிக்கற அரசு திட்டம். வேண்டாம்னா பேங்க்ல எழுதிக் குடுக்கலாம், ஆனா வீட்ல கேட்டுட்டு செய்யுங்க.

தச்சநல்லூர் தம்பி: எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே மெசேஜ் வருமே, பாக்கலியா?

களக்காட்டுக்காரி: வந்திருக்கு தம்பி. போய் தேடுனா 199க்கு வரிசையா கிடக்கு, லோன் வேணுமா, ரம்மி ஆடுறியாங்கற மெசேஜுக்கு நடுவுல. கடைசியா வந்தது ஜெராக்ஸ் கடைக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி.

அம்பை அத்தை: எங்க மாமியார் போன்லயும் முருகன் பாட்டு ஓடிச்சு. நீ சொன்ன நம்பருக்கு அனுப்பி நிறுத்துனேன். இப்போ அடிக்கறவங்க எல்லாம் பாட்ட எங்கன்னு கேக்காவளாம், திரும்ப போடச் சொல்லி ஒரே சண்டை.

களக்காட்டுக்காரி: அத்தை, அது தெரிஞ்சு குடுக்கற காசு, போட்டு விடுங்க.

கடைசி 199ஐ திருப்பித் தாங்கன்னு எழுதிக் கேட்டிருக்கேன், பதினோரு நாளாச்சு, ஒரு பதிலும் இல்ல. யாருக்காவது ட்ரையல்ல போன காசு திரும்ப வந்திருக்கா? நூறு ரூவா நாச் அஞ்சாந்தேதிதான் தெரியும். ஜெராக்ஸ் அண்ணாச்சிக்கு 40ஐ மறுநாளே கையில குடுத்துட்டேன்.