பதினைந்து வயது ராபினுக்கு 'அவர்' போடலாமா?

வணக்கம். ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்க்கிறேன். கதைசொல்லி ஒரு அக்கா. உடன்பிறந்த ராபினுக்கு வயது 15. ஆணென்றோ பெண்ணென்றோ சொல்லிக்கொள்ளாத பிள்ளை. கதை முழுக்க ராபினுக்கு 'they' என்ற, பால் காட்டாத ஆங்கிலச் சொல்தான். தம்பி, தங்கை இரண்டுமே எழுத முடியாது.

சில இடங்கள் தானாகவே சரியாகிவிட்டன. 'ராபின் சாப்பிட வரவில்லை', 'ராபினுக்கு வெங்காயம் பிடிக்காது', 'ராபினுக்கு எல்லாம் தெரியும்' என்பவற்றில் வினை பால் காட்டாது.

சிக்கல் இந்த வரியில்: கதவை அறைந்து சாத்திவிட்டு மாடிக்குப் போன... போனானா, போனாளா? 'போனார்' என்றால் பால் மறைகிறது, ஆனால் மரியாதை வந்து உட்கார்ந்துகொள்கிறது. சண்டை போட்ட சின்னப் பிள்ளையை எந்த அக்கா அப்படிச் சொல்வாள்? 'போனார்கள்' என்றால் இரண்டு பேர் போனதாகத் தோன்றும். 'போச்சு' என்று வீட்டில் குழந்தையைச் சொல்வோம். ராபினை அஃறிணையாக்க எனக்கு மனமில்லை.

இப்போதைக்கு, 'கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மாடிப்படியில் ராபினின் காலடிச் சத்தம்' என்று எழுதியிருக்கிறேன். இந்த இடத்துக்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் இப்படியே செய்தால் ராபின் எதையும் செய்யாத ஆள் போல ஆகிவிடுகிறது. பாருங்கள், இந்த வரியிலேயே 'ஆகிவிடுகிறது' வந்துவிட்டது!

இளையோர் கதைகளை மொழிபெயர்த்தவர்கள் சொல்லுங்கள்: முதல் பக்கத்திலிருந்தே 'அவர்' போட்டால் வாசகருக்குப் பழகிவிடுமா? அக்காவின் நெருக்கத்தை அப்புறம் எதில் காட்டினீர்கள்? நீங்கள் எழுதிய ஓரிரு வரிகளைக் காட்டினால் பெரிய உதவி.