புதுப்பிப்பு: வேலை நெருக்கடியில் கணவருக்குக் குறும்புச் செய்தி

என் கேள்வி: “கல்யாணமாகி இருபது வருடம். மார்ச் கணக்கு முடிக்கும் வாரங்களில் எங்கள் செய்தியெல்லாம் ‘பால் வாங்கு’தான். பழைய கேலி திரும்ப வருமா?”

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கணவருக்குக் கவிதை அனுப்பியதும் “உடம்பு சரியில்லையா?” என்று போன் வந்தது. அவர் போனைச் சோதிக்கச் சொன்னவருக்கு: எனக்குச் சந்தேகமே இல்லைங்க!

பலித்தது தேவகோட்டை அக்கா சொன்னதுதான்: எங்கள் இருவருக்கும் மட்டும் புரிகிற ஒரே வரி, சாப்பாட்டு நேரத்தில், பதில் கேட்காமல். “வெள்ளைப் பணியாரம் ஆறில் இரண்டைக் காணோம். வளவில் திருடன்” என்றேன். மாலையில் பதில்: “திருடனுக்குச் சட்னி போதவில்லை.” அப்புறம் அவரே ஆரம்பிக்கிறார்.

தொப்பை, சம்பளம் பற்றிய கேலியைத் தொடுவதில்லை. வெறும் “சரி” வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுவேன். தினமும் அனுப்பலாமா என்பது இன்னும் பிடிபடவில்லை.

எதிர்பாராதது: ஒன்றை அவர் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். யார் அந்தத் திருடன் என்று அப்பத்தா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.