அச்சுக்கு முந்தைய வாசிப்பில் ஒற்றெழுத்துகள்: அனுபவப் பகிர்வு

மெய்ப்புத் திருத்துநர்

இயற்பியல் நூல் ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்பு, அச்சுக்குப் போகுமுன் சந்தியும் எழுத்தும் ஒரே சீராக உள்ளனவா என்று பார்ப்பதற்காக என்னிடம் வந்தது. 14 இயல்களை இருவர் பங்கிட்டு மொழிபெயர்த்திருந்தனர். ஒருவர் 'ஒளிச்சிதறல்' என்று எழுத, மற்றவர் 'ஒளி சிதறல்' என்று ஒற்றில்லாமல் பிரித்தே எழுதியிருந்தார். 'ஒளி சித' என்று வரும் இடங்களையெல்லாம் 'ஒளிச்சித' என்று கோப்பு முழுவதும் ஒரே கட்டளையில் மாற்றிவிட்டேன்.

மறுநாள் அச்சுப்படியை எடுத்து வாசித்தபோது, 'சிவப்பைவிட நீல ஒளிச்சிதறுவது மிகுதி' என்ற வரியில் கண் நின்றது. அங்கே ஒளி எழுவாய். சிதறுவது அதன் செயல். எழுவாயை அடுத்து வல்லினம் மிகாது. சிதறல் என்ற பெயரோடு ஒளி சேர்ந்து கலைச்சொல்லாகும்போதுதான் ஒற்று வரும். மாறிய 27 இடங்களில் 9 இடங்கள் இவ்வாறு கெட்டிருந்தன. பழைய கோப்பைத் திரும்ப எடுத்து, ஒவ்வோர் இடத்தையும் அதன் வாக்கியத்தோடு படித்த பிறகே திருத்தினேன். 'அணு பிளவுபடுகிறது', 'அணுப்பிளவு' என்ற இணையிலும் இதே ஆபத்து இருப்பதை அப்போது கவனித்தேன்.

மொழிபெயர்ப்பாளர்

கலைச்சொற்களில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இரண்டாம் வேற்றுமையில் இந்தத் தயக்கம் தேவையில்லை என்பது என் அனுபவம். ஐகாரத்தில் முடியும் சொல்லை அடுத்துக் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். ஆகவே கீழ்க்கண்ட கோவையைத் தேடி, கிடைக்கும் இடங்களிலெல்லாம் ஒற்றைச் சேர்த்துவிடலாம்.

```
ை [கசதப]
```

இலக்கண ஆசிரியர்

தேடுவதற்கு இக்கோவை மிகவும் பயன்படும். ஆனால் கண்டவுடன் ஒற்றிடலாம் என்பதை ஏற்க இயலாது. ஐகாரத்தில் முடிவன எல்லாம் வேற்றுமை உருபு ஏற்றவை அல்ல. 'வெப்பநிலை குறைகிறது', 'அலை பரவுகிறது' என்பவற்றில் அந்த ஐகாரம் சொல்லின் பகுதியே. அங்கே ஒற்றிட்டால் 'அலைப் பரவுகிறது' என்றாகி, நேற்றுவரை சரியாக இருந்த வரி இன்று பிழையாகிவிடும். அறிவியல் நூலில் நிலை, அலை, வினை, விசை போன்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருவதால் இது சிறிய ஆபத்தன்று.

நான் முதலில் 'த்தை', 'யை', 'வை' என்ற முடிவுகளை மட்டும் தேடுவேன். 'வெப்பத்தை கடத்தும்', 'அலையை தடுக்கும்' போன்ற உண்மையான பிழைகளில் பெரும்பகுதி அதிலேயே அகப்பட்டுவிடும். 'ஆற்றலை', 'துகளை' போன்ற எஞ்சியவற்றை இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.

அறிவியல் ஆசிரியர்

எங்கள் நூலில் 'எலக்ட்ரான்' என்று எழுதுவதா, 'மின்னணு' என்று எழுதுவதா என்பதில் பல வாரங்கள் விவாதித்தோம். நீங்கள் எதைத் தேர்ந்தீர்கள்?

மெய்ப்புத் திருத்துநர்

ஐயா, அந்தத் தேர்வு மொழிபெயர்ப்பு நிலையிலேயே முடிந்துவிட்டது. தேர்ந்த சொல் எல்லாப் பக்கங்களிலும் ஒரே வடிவில் நிற்கிறதா என்று பார்ப்பது மட்டுமே என் பணியாக இருந்தது.

பக்க வடிவமைப்பாளர்

தேடல் முடிவையே நம்ப முடியாத ஒரு நிலையையும் நான் சந்தித்திருக்கிறேன். உயிரியல் நூல் ஒன்றில் 'நொதி' என்று தேடியபோது பிற்பாதியில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அச்சுப்படியில் அச்சொல் கண்ணெதிரே இருந்தது. அந்தப் பகுதி பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றப்பட்டது. அதில் 'ொ' என்ற குறி ஒரே குறியீடாக (U+0BCA) இல்லாமல், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக (U+0BC6, U+0BBE) பதிவாகியிருந்தது. திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. பிரிந்த குறிகளை ஒரே குறியீடாக இணைக்கும் NFC என்ற யூனிகோடு வடிவத்துக்குக் கோப்பு முழுவதையும் மாற்றிய பிறகே தேடல் முழுமையாயிற்று. ஆனால் 'மௌனம்' என்பதில் ௗ இருக்க வேண்டிய இடத்தில் ளகரத்தைத் தட்டி 'மெளனம்' என்று எழுதியிருந்தால் அந்த மாற்றம் அதைச் சரிசெய்யாது. அதைத் தனியே தேடித்தான் திருத்த வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்

இலக்கண ஆசிரியர் காட்டிய 'அலை பரவுகிறது' என்ற சான்றைப் பார்த்துவிட்டு என் கோப்பைத் திறந்தேன். 'வினைப் புரிகிறது' என்று 6 இடங்களில் நானே ஒற்றிட்டிருக்கிறேன். அவற்றை இன்றே நீக்குகிறேன்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். 'இந்தப் பாக்டீரியா' என்று ஒற்றிட்டால் வாசகர் பகரத்தை வல்லோசையாக உச்சரிப்பார் என்று என் பதிப்பாசிரியர் ஒற்றை நீக்கச் சொல்கிறார். சுட்டுக்குப் பின் மிக வேண்டும் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இலக்கண ஆசிரியர்

நான் ஒற்றிட்டே எழுதுகிறேன். ஒலிக்காக விதியைத் தளர்த்தினால், எந்தக் கடன்சொல்லுக்குத் தளர்த்துவது, எதற்குத் தளர்த்தாமல் விடுவது என்று வரையறுக்க இயலாது.

மெய்ப்புத் திருத்துநர்

நான் இதுவரை கடன்சொற்களின் முன் ஒற்றை விட்டே வந்திருக்கிறேன். அடுத்து வந்திருக்கும் நூல் நுண்ணுயிரியல் பற்றியது என்பதால், முதல் இயலைத் தொடுமுன் பதிப்பாசிரியரிடம் இதை எழுத்தில் முடிவாக வாங்கப் போகிறேன்.