மேலத்தெரு வீட்டுக் கூரைப் பழுது: மூன்று விலைப்புள்ளிகள் குறித்து

அனுப்புநர்: சாரதா (ஈசூன்)

சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது மேலத்தெரு வீட்டுக் கூடத்தில் மாலை வகுப்புப் பிள்ளைகள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அண்ணாந்து பார்த்தால், கூடத்தின் நடுவே சீலிங் பூச்சு உதிர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிகிறது. தரையில் விழுந்த காரையைப் பெருக்கி ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஐப்பசி அடைமழைக்கு முன் வேலை முடிந்தாக வேண்டும். தம்பி மூலம் மூவரிடம் விலைப்புள்ளி வாங்கி இணைத்திருக்கிறேன். முதலாவது 1,30,000 ரூபாய், இரண்டாவது 2,10,000, மூன்றாவது 1,95,000. எதற்கு எவ்வளவு பணம் திரட்டுவது என்பதை உறுப்பினர்கள் முடிவு செய்ய வேண்டுகிறேன்.

அனுப்புநர்: மாணிக்கம் (பொருளாளர்)

சங்க விதிப்படி மூன்று விலைப்புள்ளிகள் வாங்க வேண்டும் என்பது நிறைவேறிவிட்டது. குறைந்த விலை 1,30,000. அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் தணிக்கையின்போது நான்தான் பதில் சொல்ல வேண்டும். குளத்துப் படித்துறைக் கணக்கில் யார் யார் என்னென்ன பேசினார்கள் என்பதை நான் மறக்கவில்லை. முதலாமவருக்கே வேலையைக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

அனுப்புநர்: துரைசாமி (அங் மோ கியோ)

பொருளாளர் சொல்வதை ஆதரிக்கிறேன். ஆனால் காரணம் விலையன்று. முதலாவது விலைப்புள்ளி கொடுத்திருப்பவர் நம் வைத்தியலிங்கம் மகன். அவர் அப்பா நமக்குச் செய்ததை இங்கே நான் எழுத வேண்டியதில்லை. நம் ஊர் வீட்டை நம் ஊர்க்காரர் இருக்கும்போது தஞ்சாவூர்க் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுச் செய்தால் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

அனுப்புநர்: கண்ணப்பன் (செங்காங்)

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் வணக்கம். கட்டுமானத் துறையில் அளவுக் கணக்கே என் பிழைப்பு என்பதால் மூன்று தாள்களையும் வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். இவை மூன்றும் ஒரே வேலைக்கான விலைகளே அல்ல. அதனால் அடியில் இருக்கும் தொகைகளை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.

முதலாவது தாளில் இருப்பது ஒரே வரி: ‘மேல்தளம் முழுவதும் வாட்டர் புரூஃபிங், சீலிங் பூச்சு’. எத்தனை சதுர அடி, பழைய தட்டோட்டைப் பெயர்ப்பாரா, துருப்பிடித்த கம்பிக்கு என்ன செய்வார் என்பதெல்லாம் அதில் இல்லை. தம்பியை விட்டு விசாரித்ததில், பழைய ஓட்டின் மேலேயே பூச்சு அடிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். ஓட்டு இணைப்புகள் வழியே இறங்கிய தண்ணீர் ஏற்கெனவே ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் தேங்கி நிற்கிறது. மேலே பூச்சு அடித்தால் அந்த ஈரம் உள்ளேயே அடைபடும். வெயிலில் ஆவியாகிப் பூச்சை உப்ப வைக்கும். கம்பி தொடர்ந்து துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிப்பது. கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு காரை விழுவதற்கு அதுதான் காரணம். கம்பியைக் கவனிக்காமல் சீலிங்கை மட்டும் பூசினால் புதுப்பூச்சும் விழும், அதுவும் பிள்ளைகள் தலையில்.

இரண்டாவது தாள்தான் அளவோடு எழுதப்பட்டிருக்கிறது. 900 சதுர அடிக்கு ஓடு பெயர்க்கச் சதுர அடிக்கு 30 ரூபாய், கசிவுத் தடுப்புப் பூச்சுக்கு 45, வாட்டம் கொடுத்துப் புது ஓடு பதிக்க 95, கம்பியைச் சீர்செய்யும் 60 சதுர அடிக்கு 250 வீதம் எனத் தனித்தனியாக இருக்கிறது. கைப்பிடிச் சுவர் அடி இணைப்பு, சீலிங் பூச்சு, கழிவு அகற்றல் ஆகியவையும் அதில் அடக்கம். ஆனால் தாளின் அடியில், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. தனி என்று சிறிய எழுத்தில் உள்ளது. எனவே நாம் கொடுக்க வேண்டியது 2,47,800.

மூன்றாமவரும் அதே வேலையைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் கழிவு அகற்றலை விட்டுவிட்டார். கம்பி வேலையை ‘நேரில் பார்த்தபடி’ என்று முடித்துவிட்டார். அவர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர், ஆகவே வரி வராது.

விடுபட்டவற்றுக்கு இரண்டாமவர் விலையையே அளவுகோலாக வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். முதலாமவருக்கு ஓடு பெயர்க்க 27,000, புது ஓட்டுக்கு 85,500 சேர்த்தால் 2,42,500 ஆகிறது. கம்பி வேலையும் கைப்பிடிச் சுவரும் கழிவும் இன்னும் சேரவில்லை. மூன்றாமவருக்குக் கழிவு 12,000, கம்பி 15,000 சேர்த்தால் 2,22,000. ஒரே வேலைக்கு வைத்துப் பார்த்தால் மூன்றாமவர்தான் குறைவு; நாம் மலிவென்று நினைத்தவர் மலிவல்ல.

அனுப்புநர்: ஜமீலா (தெம்பனிஸ்)

எங்கள் வீட்டுக் குளியலறைக்கும் இப்படித்தான் நடந்தது. எச்.டி.பி. பட்டியலில் உள்ள குத்தகையாளர்தான். ஆனால் பழைய டைல்ஸ் உடைக்கும் செலவை விலைப்புள்ளியில் காட்டாமல், தரையைத் திறந்த பிறகு தனியாகக் கேட்டார். திறந்து போட்ட தரையோடு யாரிடம் பேரம் பேசுவது? அந்தப் பணம் கொடுத்தும் கீழ்வீட்டுக்காரர் இன்னும் என்னைப் பார்த்தால் பேசுவதில்லை. ஊரிலும் அப்படிப் பட்டியல் ஏதாவது இருந்தால் அதிலிருந்து ஆளெடுப்பது நல்லது.

அனுப்புநர்: மாணிக்கம்

கண்ணப்பன் தம்பி எழுதியதை அச்செடுத்து இருமுறை படித்தேன். கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் எழுதப்படாத வேலைக்கு நாமே விலை போட்டுச் சேர்த்தால், முதலாமவர் நாளைக்கு ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்பார். மூன்றாமவர் 70 விழுக்காடு முன்பணம் கேட்கிறார். அதற்கு என் கையெழுத்து கிடைக்காது. பத்து வருட உத்தரவாதம் என்று இரண்டாமவர் எழுதியிருப்பதால், கூடுதல் விலையானாலும் அவருக்கே கொடுப்பது பாதுகாப்பு என்று இப்போது தோன்றுகிறது.

அனுப்புநர்: கண்ணப்பன்

நாமாகச் சேர்த்தது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டுமே. ஒப்பந்தத்துக்கு அது செல்லாது என்று பொருளாளர் சொல்வது முற்றிலும் சரி. இரண்டாமவரின் பட்டியலில் விலைகளை எடுத்துவிட்டு, வேலையும் அளவும் மட்டும் இருக்கும் தாளை மூவருக்கும் அனுப்பி, அதே வரிசையில் மறுபடி விலை நிரப்பித் தரச் சொல்வோம். கம்பி வேலை எவ்வளவு என்பது காரையைத் தட்டிப் பார்த்தால்தான் தெரியும். தம்பி சுத்தியலால் சீலிங் முழுவதும் மெல்லத் தட்டி, பொள்ளென்று ஓசை வரும் இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டால், 60 சதுர அடி போதுமா என்பது புலப்படும். கூடினால் எந்த விலையில் கூடும் என்பதை இப்போதே சதுர அடிக் கணக்கில் எழுதி வாங்கிவிட வேண்டும். ஜமீலா அக்காவுக்கு நேர்ந்தது அது இல்லாததால்தான்.

உத்தரவாதத் தாளையும் வரவழைத்துப் படித்தேன். அது பூச்சு மருந்து தயாரிக்கும் நிறுவனத்தின் உத்தரவாதம். மருந்து கெட்டால் மருந்து கொடுப்பார்கள்; ஓட்டைப் பெயர்க்கும் கூலியும் திரும்பப் பதிக்கும் கூலியும் நம் தலையில்தான் விழும். பத்து வருடம் என்ற சொல்லைவிட, வேலை செய்பவரே கசிவுக்குப் பொறுப்பேற்று எழுதித்தரும் மூன்று வருடம் எனக்குப் பெரிது.

முன்பணம் குறித்து ஒரு யோசனை. பூச்சு அடித்துக் காய்ந்த பின், ஓடு பதிக்கும் முன், மழைநீர்க் குழாயை அடைத்து மேல்தளத்தில் இரண்டு நாள் தண்ணீர் கட்ட வேண்டும். கீழே ஈரம் காட்டாவிட்டால் மட்டுமே அடுத்த தவணை. ஓடு பதித்த பிறகு சோதித்தால், கசிந்தாலும் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. இதற்கு மூன்றாமவர் சம்மதித்தால், முன்பணத்தை 20 விழுக்காடாகக் குறைத்து அவரிடமே கொடுக்கலாம். சம்மதிக்காவிட்டால் அவருடைய 2,22,000 எனக்கு மலிவாகத் தெரியவில்லை.

அனுப்புநர்: துரைசாமி

அப்படியானால் வைத்தியலிங்கம் மகனுக்கும் அதே தாளை அனுப்புங்கள். அனுப்பாமல் விட்டால் அது அவமதிப்பு. பாடம் தெரியாமல் ஒரு வரி எழுதியிருப்பார், கேட்டால் எழுதிக் கொடுப்பார். அவர் விலை மற்றவர்களைவிடச் சற்றுக் கூடினாலும், அந்தக் கூடுதலை நான் தருகிறேன். சங்கம் அதை ஏற்குமா என்பதற்கு இன்னும் யாரும் எனக்குப் பதில் எழுதவில்லை.

அனுப்புநர்: சாரதா

மாமா, மூவருக்கும் தாள் இன்றிரவே போகிறது. தம்பி நாளை காலை சுத்தியலும் சுண்ணாம்புக் கட்டியுமாக மேலத்தெரு வீட்டுக்குப் போகிறான். தண்ணீர் கட்டும் இரண்டு நாளும் கூடவே நிற்க அவனுக்கு விடுப்பு கிடைக்காது. அந்தத் தேதியை ஒட்டி ஊருக்குப் போகிறவர் யாரேனும் இருந்தால் எழுதுங்கள். அதுவரை யாரும் பணம் அனுப்ப வேண்டாம்.